இரு தெருக்களுக்குப் பொதுவான ஓர் அமைதி வேண்டுதற் பாடல்: வரைவைப் பார்த்துத் திருத்த உதவுங்கள்

கிழக்குக்கரை ஆசிரியர்

மட்டக்களப்பு மாவட்டத்தில், தமிழர் வாழும் கோயில் தெருவும் முஸ்லிம்கள் வாழும் பள்ளிவாசல் தெருவும் ஒரே வீதியின் இரு பக்கங்களாக அமைந்த ஓர் ஊரில் நான் தமிழ் கற்பிக்கிறேன். ஐந்து வாரங்களுக்கு முன்னர் இளைஞர்கள் சிலரிடையே எழுந்த வாய்த்தர்க்கம், இரண்டே நாளில் ஒரு புடவைக்கடை தீக்கிரையாவதிலும் ஒரு கைம்பெண்ணின் வீட்டு வேலி பிடுங்கப்படுவதிலும் போய் முடிந்தது. உயிரிழப்பு இல்லை. ஆனால் அன்றிலிருந்து புதன்சந்தை கூடவில்லை. ஒரு தெருவார் மறு தெருவுக்குள் நுழைவதும் இல்லை.

கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்மாரும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையினரும் மூன்று தடவை கூடிப் பேசி, சந்தையை மீண்டும் திறக்க இணங்கியுள்ளனர். திறக்கும் காலையில் வாசிப்பதற்கு ஓர் அமைதிப் பிரார்த்தனைப் பாடலை எழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். முதல் வரைவு இது:

ஓர் இனமாய் ஒரு மொழியாய் ஒன்றி நிற்போம்;
உற்றதெல்லாம் மறந்திடுவோம், மன்னித் திடுவோம்;
காரிருளை நீக்கிடுவாய் கருணைத் தெய்வமே;
கைகோத்து நடப்பதற்கு வழிகாட் டிடுவாய்.

ஓசை எனக்கு நிறைவாகவே இருக்கிறது. ஆனால் பள்ளிவாசல் தெருவைச் சேர்ந்த என் சக ஆசிரியர் இதனை வாசித்துவிட்டு, "நன்று சேர்" என்று மட்டும் சொல்லித் தாளை மடித்துத் தந்துவிட்டார். அந்த மடிப்பு என்னை உறுத்துகிறது. எங்கே தவறினேன் என்று சொல்லுங்கள்.

மரபுப்பா

ஐயா, தங்கள் முயற்சியை வணங்குகிறேன். குறை யாப்பில்தான் இருக்கிறது. இரண்டாம் அடி முடிவில் "மன்னித் திடுவோம்" என்று பிரித்து ஓசையை நிரப்பியிருக்கிறீர்கள். இதனை நேரிசை வெண்பாவாக மாற்றிவிடுங்கள். ஈற்றடி முச்சீராய் நின்று காசு அல்லது பிறப்பு என்று முடியும்போது, கேட்பவர் மனத்தில் அந்தச் சொல் ஆணியடித்தாற்போல் நின்றுவிடும். நான்கு அடிகளை மனனம் செய்வதும் எளிது. ஊரே சேர்ந்து சொல்ல வேண்டிய பாடலுக்குக் கட்டுக்கோப்பு இன்றியமையாதது.

வாவிக்கரை

ஆசிரியர் அவர்களே, உங்கள் சக ஆசிரியர் சொல்லாமல் விட்டதை நான் சொல்லிவிடுகிறேன். நானும் இதே மாவட்டத்தைச் சேர்ந்த முஸ்லிம் பெண்; உங்களைப் போலவே தமிழில் சிந்தித்துத் தமிழில் எழுதுகிறவள்.

தாளை மடிக்க வைத்தது முதலடியின் முதற்சொல்லே. இலங்கையில் நாங்கள் தமிழ் பேசுகிறோம். ஆனால் எங்களை முஸ்லிம்கள் என்னும் தனிச் சமூகமாகவே கருதுகிறோம். "ஒரு மொழியாய்" என்றால் மகிழ்ச்சியோடு சேர்ந்து சொல்வேன். "ஓர் இனமாய்" என்று எழுதும்போது, நீங்கள் கையை நீட்டுவதாக நினைக்கிறீர்கள். எங்கள் தெருவிலோ, "நீங்கள் தனியாக இருப்பதுதான் சிக்கல்" என்று அது கேட்கும்.

அடுத்தது "மன்னித்திடுவோம்". மன்னிப்பவர் யார், மன்னிக்கப்படுபவர் யார்? இரு தெருவும் ஒரே வரியைச் சொல்லும்போது, ஒவ்வொரு தெருவும் மற்றத் தெருவைக் குற்றவாளியாக்கிவிட்டுத் தான் பெருந்தன்மை காட்டுவதாகவே அந்த வரி பொருள்படும்.

"மறந்திடுவோம்" என்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டதை எங்கள் வீடுகளில் மறக்கவில்லை. அதே மாதத்தில் வீரமுனையில் பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டதை உங்கள் வீடுகளில் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு வாய்த்தர்க்கம் இரண்டு நாளில் தீவைப்பாக மாறுவதற்குக் காரணம், அடியில் அந்த நினைவு கிடப்பதுதான். அதனை மறக்கச் சொல்லும் பாடலை வாய் சொல்லும், காது நம்பாது.

மரபுப்பா ஐயா, வெண்பா ஆக்கினாலும் இந்த மூன்று சொற்களும் அதற்குள் வந்து அமர்ந்துகொள்ளும்.

கவியரங்கம்

போட்டிக்குக் கடைசி நாள் எப்போது என்று குறிப்பிடவில்லையே? உலக அமைதி குறித்து என்னிடம் முப்பத்திரண்டு வரிகளில் ஒரு கவிதை இருக்கிறது. புறா, ஆலிவ் கிளை, வெள்ளைக் கொடி ஆகிய மூன்றும் அதில் இடம்பெறுகின்றன. விரும்பினால் அனுப்புகிறேன்.

கிழக்குக்கரை ஆசிரியர்

கவியரங்கம் நண்பரே, இது போட்டி அன்று. எங்கள் சந்தை திறப்பில் வாசிக்க வேண்டிய பாடல். அன்புக்கு நன்றி.

வாவிக்கரை சகோதரி, உங்கள் பதிலை இரவில் இரண்டு தடவை வாசித்தேன். "ஓர் இனமாய்" என்று எழுதும்போது என் மனத்தில் அன்பே இருந்தது. ஆனால் அந்த அன்பு உங்களை என் வீட்டுக்குள் அழைத்துக் கதவைச் சாத்துவதாக இருந்திருக்கிறது என்று இப்போது விளங்குகிறது. மூன்று சொற்களையும் நீக்கிவிட்டேன். நீக்கிய பின்னர் பாடலில் எஞ்சியது "காரிருளை நீக்கிடுவாய்" ஒன்றுதான்.

முன்னாள் கதீப்

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, ஆசிரியர் அவர்களே. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு பள்ளிவாசலில் ஜும்ஆப் பிரசங்கம் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். "தெய்வமே" என்ற விளியை எங்கள் மக்கள் தொழுகையிலோ துஆவிலோ பயன்படுத்துவதில்லை. "இறைவா" என்பது எங்களுக்கும் வழக்கமான சொல்; கிறித்தவர்களும் அதனை ஏற்பார்கள். ஆயினும் சிக்கல் அந்த ஒரு சொல்லோடு தீராது. வேறொரு சமயத்தாரோடு சேர்ந்து ஒரே குரலில் பிரார்த்திக்கலாமா என்ற கேள்வி சிலருக்கு இருக்கும். அவர்கள் கலகக்காரர்கள் அல்லர். மார்க்கத்தைக் கவனமாகப் பேணுகிறவர்கள். பாடல் பிரார்த்தனையாக இருந்தால் அவர்கள் சந்தைக்கு வந்து ஓரமாக நிற்பார்கள். ஓரமாக நின்றதை மறு தெருவார் கவனித்து, "பார்த்தீர்களா, அமைதிக்குக்கூட வாய் திறக்கவில்லை" என்பார்கள். நல்லெண்ணத்தில் எழுதிய பாடலே புதிய மனக்கசப்புக்கு விதையாகும்.

ஆகவே "ஆமீன்" என்றோ "அரோகரா" என்றோ முடிக்க வேண்டாம். கூட்டத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லவும் வேண்டாம். அதற்குப் "பிரார்த்தனை" என்று பெயரிடாமல் "சந்தை வாழ்த்து" என்று பெயரிட முடியுமா என்று குழுவிடம் கேளுங்கள்.

பழஞ்சுவடி

முன்னாள் கதீப் அவர்கள் கேட்பதற்குத் தமிழில் ஏற்கெனவே ஓர் இலக்கண வழி இருக்கிறது. வியங்கோள் வினைமுற்று. வாழ்க, வருக, விளைக, பொலிக. ஏவல் வினைக்கு எதிரே ஒருவர் நிற்க வேண்டும்; "நீக்கிடுவாய்" என்றால் யாரிடம் என்ற கேள்வி வந்துவிடும். வியங்கோளுக்கு அந்த முன்னிலை தேவையில்லை. "மழை பொழிக" என்று சொல்பவர் தம் மனத்தில் யாரை எண்ணுகிறார் என்பது அவருக்கே உரியது.

ஐங்குறுநூற்றின் தொடக்கத்தில் ஓரம்போகியார் பாடிய வேட்கைப்பத்தைப் பாருங்கள். பத்துப் பாட்டிலும் இதே வாய்பாடுதான். "நெற்பல பொலிக, பொன்பெரிது சிறக்க" என்று ஒன்று. "பசியில் ஆகுக, பிணிசேண் நீங்குக" என்று ஒன்று. "வேந்துபகை தணிக, யாண்டுபல நந்துக" என்று ஒன்று. ஆசிரியர் ஐயாவின் பாடலுக்கு அதைவிடவும் பயன்படக்கூடியது அப்பாட்டுகளின் அமைப்பு. தோழி பேசுகிறாள்: இன்னின்ன நன்மைகள் பெருகுக "எனவேட் டோளே யாயே", நாங்களோ வேறொன்றை விரும்பினோம் என்கிறாள். அங்கே யாய் என்பது தலைவியைத்தான். ஒருத்தியின் விருப்பத்தை இன்னொருத்தி எடுத்துச் சொல்லிவிட்டு, தன் விருப்பத்தைப் பக்கத்தில் வைக்கிறாள். இரண்டும் ஒன்றாகக் கரைவதில்லை, ஒன்றையொன்று மறுப்பதுமில்லை.

இதனை இரு தெருவுக்கும் பொருத்திப் பாருங்கள். ஒவ்வொரு தெருவும் தன் விருப்பத்தைத் தானே சொல்லாமல், மற்றத் தெருவின் விருப்பத்தை எடுத்துச் சொல்லட்டும். "என வேண்டினர் அத்தெருவார்" என்று முடியட்டும். அதற்கு முன்னதாக, அத்தெருவார் எதை வேண்டுகிறார்கள் என்று நீங்கள் போய்க் கேட்டாக வேண்டும். ஒன்றி நிற்போம் என்று எழுத வீட்டிலிருந்தே முடியும். இதை எழுத வீதியைக் கடக்க வேண்டும்.

வாவிக்கரை

பழஞ்சுவடி ஐயா, அமைப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு கவலை. வேட்கைப்பத்தில் தலைவன் பரத்தையிடம் போய்விட்டு வந்திருக்கிறான். பாதிக்கப்பட்டவள் தன் குறையை ஒரு சொல்லும் சொல்லாமல், நெல் பொலிக, பொன் சிறக்க என்று ஊருக்கு வாழ்த்துச் சொல்கிறாள். அதைப் பெருந்தன்மை என்று பாடம் நடத்துகிறோம். கடையை இழந்தவரிடமும் அந்தப் பெருந்தன்மையை எதிர்பார்த்துவிடாதீர்கள். பாடலில் அந்தக் கடையும் அந்த வேலியும் வர வேண்டும். வராவிட்டால், ஊர் தன் வசதிக்காக அவர்களை விட்டுவிட்டுச் சந்தையைத் திறந்துகொண்டது என்றாகும்.

குமரிமுனை

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக் கிராமத்தைச் சேர்ந்தவன். 1982இல் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறித்தவ மீனவர்களுக்கும் மோதல் மூண்டு, துப்பாக்கிச்சூடு வரை போனபோது நான் பள்ளிச் சிறுவன். குன்றக்குடி அடிகளார் எங்கள் பகுதிக்கே வந்து இரு தரப்பாரையும் சந்தித்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னர் எங்கள் ஊரில் நடந்த ஒரு சிறு சச்சரவைப் பற்றி. அப்போதும் ஒரு பாடல் எழுதினார்கள். இரு தரப்புப் பிள்ளைகளையும் சேர்த்துப் பாடவைத்தார்கள். பாடலின் நடுவில் "கரையில் நிற்பவர் கடலுக்கு வழிவிடுவோம்" என்று ஒரு வரி. எழுதியவருக்கு அது வெறும் உவமை. எங்கள் வீட்டிலோ, கரையில் வள்ளம் ஏற்றும் இடத்தைப் பற்றிய பழைய வழக்கை அது நினைவூட்டியது. அந்த வரி வந்தபோது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டனர். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தாமாகவே மூடிக்கொண்டனர். அடுத்த வரியில் மீண்டும் சேர்ந்துகொண்டனர். மேடையில் இருந்தவர்களுக்கு அது தெரியவே இல்லை.

ஆகையால் ஆசிரியர் ஐயா, ஒத்திகையின்போது பாடலைக் கேட்காதீர்கள், வாய்களைப் பாருங்கள். எந்த வரியில் குரல் மெலிகிறதோ அந்த வரியில் ஏதோ இருக்கிறது. பிள்ளைகளிடம் காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

கிழக்குக்கரை ஆசிரியர்

பத்து நாள்களாக நான் எதுவும் எழுதாததற்குக் காரணம், பழஞ்சுவடி ஐயா சொன்னபடி வீதியைக் கடந்ததுதான். என் சக ஆசிரியரோடு பள்ளிவாசல் தெருவில் பதினொரு வீடுகளுக்கும், கோயில் தெருவில் ஒன்பது வீடுகளுக்கும் சென்றோம். அமைதி என்ற சொல்லை நான் எடுக்கவே இல்லை. "சந்தை திறந்த அடுத்த நாள் எது பழையபடி நடக்க வேண்டும்?" என்று மட்டும் கேட்டேன். ஒருவரும் ஒற்றுமை என்றோ அன்பு என்றோ சொல்லவில்லை. பள்ளிவாசல் தெருவில், இருட்டுவதற்கு முன்னரே கடையை அடைத்துவிட வேண்டியிருக்கிறது என்றார்கள். மாலை வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகளைத் தகப்பன்மார் போய் அழைத்து வருகிறார்கள் என்றார்கள். கோயில் தெருவில், சந்தை இல்லாததால் தயிர் தேங்கிப் புளித்துப்போகிறது என்றார்கள். இரவில் பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணுக்கு ஓட்டோ கிடைக்காமல் போனதைச் சொன்னார்கள். ஊரில் ஓட்டோ ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெருவார்.

இவற்றை அப்படியே எடுத்து எழுதிய இரண்டாம் வரைவு இது. முதற்பகுதியைக் கோயில் தெருச் சிறுமியும், இரண்டாம் பகுதியைப் பள்ளிவாசல் தெருச் சிறுவனும் வாசிப்பர்.

பொழுது சாய்ந்தும் கடைக்கதவு திறந்தே இருக்க;
பாடம் முடிந்த பிள்ளை பயமின்றி வீடு வருக;
எரிந்த கடையில் மறுபடி விளக்கு எரிக
என வேண்டினர் பள்ளிவாசல் தெருவார்.

கொண்டுவந்த தயிர்ச்சட்டி வெறுஞ்சட்டியாய்த் திரும்புக;
நள்ளிரவில் அழைத்தாலும் ஓட்டோ வாசலுக்கு வருக;
பிடுங்கிய வேலியில் முருங்கை மீண்டும் தளிர்க்க
என வேண்டினர் கோயில் தெருவார்.

மேல்வயல் நீர் மடை கடந்து கீழ்வயல் பாய்க;
வதந்தி வந்தால் கேட்டறியும் வரை வாய் பொறுக்க;
அவரவர் இறையை அவரவர் வேண்டுக.

கடைசி மூன்று அடிகளையும் இருவரும் சேர்ந்து வாசிப்பர். எங்கள் வட்டையில் இரு தெருவாருக்கும் வயல் உண்டு. ஒருவர் வயலில் நின்று வடியும் நீரே அடுத்தவர் வயலுக்குப் பாய்ச்சல். ஆகவே அந்த அடியை எழுதினேன். "எரிந்த கடையில் விளக்கு எரிக" என்ற அடி எழுதி முடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முன்னாள் கதீப்

அல்ஹம்துலில்லாஹ். இதை என்னால் எந்தத் தயக்கமும் இன்றி வாசிக்க முடியும். "அவரவர் இறையை அவரவர் வேண்டுக" என்ற அடிக்குப் பின்னர் ஒரு நிமிடம் மௌனம் விடுங்கள். வேண்ட விரும்புவோர் தத்தம் முறையில் வேண்டிக்கொள்வர். ஒலிபெருக்கியில் வேறு எதுவும் வேண்டாம். காலை எட்டு மணியளவில் வைத்துக்கொண்டால் தொழுகை நேரத்தோடும் கோயில் மணியோடும் மோதாது.

ஒரு சிறு திருத்தம். நம் வட்டைகளில் வரப்பு வாயை மடை என்று யார் சொல்கிறார்கள்? வக்கடை என்றுதானே இரு தெருவும் சொல்லும்.

மரபுப்பா

வெண்பாவைப் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். இந்த வடிவத்தில் உள்ள அமைதி வெண்பாவில் வந்திருக்காது. ஆனால் இலக்கணம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். "இருக்க", "தளிர்க்க", "பொறுக்க" ஆகியவை வியங்கோள்தாம். எனினும் இன்றைய காதுக்கு அவை வினையெச்சமாகவே கேட்கும். "கடைக்கதவு திறந்தே இருக்க..." என்றதும் கேட்பவர் மீதி வாக்கியத்துக்காகக் காத்திருப்பார். வருக, திரும்புக, பாய்க என்பன தெளிவாக முடிகின்றன. முதலடியை "திறந்தே கிடக்கட்டும்" என்று ஆக்கினால் என்ன? மக்கள் வீட்டில் சொல்லும் வாழ்த்தும் "நல்லா இருக்கட்டும்" என்பதுதானே.

பழஞ்சுவடி

மரபுப்பா சொல்வது சரி. ஆனால் எல்லாவற்றையும் "-அட்டும்" ஆக்கினால் மூன்றாம் அடி "விளக்கு எரியட்டும்" என்று ஆகும். சந்தை இரைச்சலில், ஒலிபெருக்கியில், ஒரு சொல் மட்டும் தெருமுனை வரை போய்ச் சேரும். "எரியட்டும்" மட்டும் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

வதந்தி பற்றிய அடி எனக்கு நிறைவு தருகிறது. மணிமேகலையில் விழா அறிவிக்கும் முரசறைவோன், பகைவர்களோடாயினும் "செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்" என்கிறான். நேசியுங்கள் என்று அவன் சொல்லவில்லை. சண்டையிடாமல் விலகிப் போங்கள் என்கிறான். அது செய்யக்கூடிய காரியம். கேட்டறியும் வரை வாய் பொறுப்பதும் அப்படியே.

வாவிக்கரை

ஆசிரியர் அவர்களே, கண் கலங்கியதாகச் சொன்ன அடியைத்தான் நான் தொட வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருக் கடை "எரிந்த கடை". உங்கள் தெரு வேலி "பிடுங்கிய வேலி". கடை தானாக எரிந்தது. வேலியை மட்டும் யாரோ பிடுங்கினார்கள். நீங்கள் வேண்டுமென்று எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் பக்கத்து இழப்பை எழுதும்போது செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்று மொழி சொல்கிறது. எங்கள் பக்கத்து இழப்பை எழுதும்போது செய்தவர் மறைந்துவிடுகிறார். ஒன்று, "எரித்த கடை, பிடுங்கிய வேலி" என்று எழுதுங்கள். அல்லது "எரிந்த கடை, சரிந்த வேலி" என்று எழுதுங்கள். இரண்டையும் ஒரே தராசில் வையுங்கள்.

கிழக்குக்கரை ஆசிரியர்

சகோதரி, இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குத் தன்வினையும் பிறவினையும் கற்பிக்கிறேன். என் கையே இப்படி எழுதியிருக்கிறது என்பதை நீங்கள் சொல்லும் வரை நான் காணவில்லை.

நேற்று என் சக ஆசிரியரோடு கடைக்காரர் வீட்டுக்குச் சென்று இரண்டு வடிவங்களையும் வாசித்துக் காட்டினேன். "எரிந்த கடையில் விளக்கு எரிக" என்ற அடி வந்தபோது, உள்ளே இருந்த அவருடைய உம்மா எழுந்து வந்து, "அந்தச் சொல்லை விடுங்கள் மகன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குச் சிலேடையாகத் தோன்றியது அந்தத் தாய்க்கு அந்த இரவாகவே கேட்டிருக்கிறது. "விளக்கு ஒளிர்க" என்று மாற்றிவிட்டேன். அடியின் அழகு போய்விட்டது, போகட்டும்.

கடைக்காரர் "எரித்த கடை" என்றே இருக்க வேண்டும் என்கிறார். யார் என்று பெயர் சொல்ல வேண்டாம், ஆனால் தானாக எரிந்தது என்று தம் பிள்ளைகளின் முன் வாசிக்க விட மாட்டேன் என்கிறார். வண்ணக்கர் ஒருவர், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது பொதுமேடையில் "எரித்த" என்று வாசித்தால் அது சாட்சி சொல்வதைப் போலாகும் என்று தயங்குகிறார். வேலி இழந்த அம்மாவோ, "சரிந்த என்று எழுதினால் கறையானுக்கல்லவா பழி போகும்" என்கிறார். அவர்கள் இருவரும் ஒரே கருத்தில் இருக்கிறார்கள் என்பதை அவர்களிடம் இன்னும் நான் சொல்லவில்லை.

குமரிமுனை

மூன்றாம் அடிகளை மட்டும் அவ்விருவரும் தாமே வாசித்தால் என்ன? கடைக்காரர் தம் அடியைத் தம் சொல்லோடு வாசிக்கட்டும். அந்த அம்மாவும் அவ்வாறே. பாடலின் சொல் அவர்களுடையதாகிவிடும். குழுவின் தலையில் ஏறாது.

பழஞ்சுவடி

அப்படிச் செய்தால் ஒரு தெருவின் வேட்கையை மறு தெரு சொல்லும் அமைப்பு அந்த இடத்தில் உடைந்துவிடும். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அந்தச் சிறுமி "எரித்த கடை" என்று சொல்வதில் இருக்கும் கனம், கடைக்காரர் தாமே சொல்வதில் இருக்காது. இழந்தவர் சொன்னால் அது முறையீடு. எதிர்த்தெருப் பிள்ளை சொன்னால் அது ஒப்புக்கொள்ளல்.

முன்னாள் கதீப்

ஒரு பிள்ளையின் வாயில் ஊர் செய்ததை ஒப்புக்கொள்ள வைப்பது நியாயமா என்றும் எண்ணிப் பாருங்கள், ஐயா. அந்தச் சிறுமி மறுநாள் தன் தெருவில்தான் நடக்க வேண்டும். ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்குமானால் பெரியவர்கள் வாசிக்கட்டும்.

வாவிக்கரை

கதீப் அவர்கள் சொல்வதை ஏற்கிறேன். பிள்ளைகளுக்குக் கதவும் தயிர்ச்சட்டியும் ஓட்டோவும் போதும். மூன்றாம் அடிகளை ஒரு வண்ணக்கரும் ஒரு நம்பிக்கையாளரும் மாற்றி வாசிப்பார்களானால் அமைப்பும் உடையாது. அவர்கள் இணங்குவார்களா என்பது வேறு கேள்வி.

கிழக்குக்கரை ஆசிரியர்

இன்றைய கூட்டத்தில் இதனை முன்வைத்தேன். நம்பிக்கையாளர் ஒருவர் "பிடுங்கிய வேலி" என்று வாசிக்க உடனே இணங்கினார். வண்ணக்கர் இணங்கவில்லை, மறுக்கவும் இல்லை. தாளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றார். பெயரைச் "சந்தை வாழ்த்து" என்று மாற்றுவதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்டனர்.

ஒத்திகை நேற்று நடந்தது. குமரிமுனை அவர்கள் சொன்னபடி வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் தெருச் சிறுவன் "வெறுஞ்சட்டியாய்" என்ற சொல்லில் தடுக்கினான். காரணம் கேட்டேன். வெறுஞ்சட்டி என்றால் வீட்டில் ஒன்றும் இல்லை என்பதல்லவா, அதைப் போய் எப்படி வாழ்த்தாகச் சொல்வது என்று கேட்டான். அவனுக்குப் பக்கத்தில் நின்ற சிறுமி, சட்டி வெறுமையாகத் திரும்பினால் தயிர் முழுவதும் விற்றுவிட்டது என்று பொருள், தன் அம்மம்மா அப்படித்தான் மகிழ்வார் என்று அவனுக்கு விளக்கினாள். அந்த அடியை மாற்றவில்லை. முதலடியை மட்டும் "திறந்தே கிடக்கட்டும்" என்று ஆக்கிவிட்டேன், மடை வக்கடையாகிவிட்டது. "தளிர்க்க" என்பதற்கு இன்னும் சொல் தேடுகிறேன். "தளிர்விடுக" என்றால் சிறுவனின் நாவுக்கு எளிதாக வருமா?